சுவரளவுப் படமும் 300 என்ற எண்ணும்

கைப்பேசியில் எடுத்த குடும்பப் படத்தை நான்கு அடி அகலம், மூன்று அடி உயரத்தில் அச்சிட்டு, கூடத்தில் சோபாவுக்கு மேலே மாட்ட நினைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 12 மெகாபிக்சல் படத்தில் பெரும்பாலும் 4032 × 3024 பிக்சல்கள் இருக்கும். அவற்றை 48 அங்குல அகலத்துக்குப் பரப்பினால் அங்குலத்துக்கு 84 பிக்சல்தான் கிடைக்கும். அச்சுக்கு 300 வேண்டும் என்று கேள்விப்பட்டவர் இங்கேயே முயற்சியைக் கைவிடுகிறார். அது தேவையற்ற தவறு.

300 என்பது ஏறக்குறைய ஓரடித் தொலைவில் கையில் பிடித்துப் பார்க்கும் படத்துக்கான கணக்கு. இயல்பான பார்வையுள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு இடைவெளிக்குக் குறைவாக உள்ள புள்ளிகளைத் தனித்தனியே பிரித்துக் காண்பதில்லை. ஓரடியில் இது அங்குலத்துக்குச் சுமார் 286 பிக்சலாகும். தொலைவு கூடக் கூடத் தேவை அதே விகிதத்தில் குறைவதால், 286-ஐ அடிக் கணக்கிலான தொலைவால் வகுத்தால் போதும். ஆறடியில் 48 பிக்சலே போதுமானது. நம்மிடமுள்ள 84, மூன்றரை அடி வரை நெருங்கினாலும் தாங்கும். ஆனால் அதே படத்தைக் குறுகிய நடைவழியில் மாட்டினால், கடந்து செல்பவர் இரண்டடிக்குள் நின்று பார்ப்பார். அங்கே 143 வேண்டியிருக்கும். ஆகவே, அளவை முடிவு செய்யும் முன் மாட்டும் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த தவறு, மென்பொருளில் அங்குலத்துக்கு 72 பிக்சல் என்றிருப்பதை 300 என மாற்றிவிட்டுத் தரம் உயர்ந்ததாக நம்புவது. பிக்சல் எண்ணிக்கை மாறாதவரை அது கோப்பில் எழுதிய ஒரு குறிப்பு மட்டுமே. எண்ணிக்கையையும் பெருக்கினால், இருக்கும் புள்ளிகளுக்கிடையே மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. விளிம்புகள் மென்மையாகலாம், ஆனால் எடுக்கும்போதே படத்தில் பதியாத இமை முடி புதிதாக வந்துவிடாது.

உண்மையான இழப்பு பெரும்பாலும் படத்தை அனுப்பும்போது நேர்கிறது. வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பினால் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடக்கூடும்; அப்போது நமது நான்கடிப் படத்தில் அங்குலத்துக்கு 33 பிக்சல்தான் மிஞ்சும், எட்டரை அடி தள்ளி நின்றால்தான் சீராகத் தெரியும். மூலக்கோப்பை ஆவணமாக அனுப்புவதே சரி. இருமடங்கு டிஜிட்டல் ஜூம் செய்து எடுத்த படத்திலும், கோப்பின் அளவு எதுவானாலும், நான்கில் ஒரு பங்கு விவரமே இருக்கக்கூடும்.

பணம் கட்டுமுன் ஒரு சோதனை செய்யலாம். முகம் உள்ள பகுதியில் 840 × 588 பிக்சலை வெட்டியெடுத்து, தாளுக்கேற்பப் பொருத்தும் வசதியை அணைத்துவிட்டு, 10 × 7 அங்குலமாக ஏ4 தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். முழுப் படத்திலும் முகம் இதே அளவில்தான் வரும். சோபாவுக்கு எதிரே அமரும் இடத்திலிருந்து பாருங்கள்: விளிம்புகள் படிக்கட்டுபோல் தெரிந்தால் பிக்சல் போதவில்லை, அளவைக் குறைக்க வேண்டும். தோல் மெழுகு பூசியதுபோலத் தெரிந்தால், குறைந்த வெளிச்சத்தில் படத்தில் விழும் புள்ளிபுள்ளியான இரைச்சலைக் கைப்பேசி வழித்தெடுத்ததன் விளைவாக இருக்கலாம். அதற்கு வேறு படத்தைத் தேடுவதே நல்லது.