எஸ்டர் மாற்றம்: அமிலமா, காரமா, மெத்தனால் எவ்வளவு?

பலகாரம் சுட்டு மிச்சமான எண்ணெய் 200 கிராமை ஆய்வகத்தில் பயோடீசலாக மாற்றிப் பார்ப்போம். எண்ணெயில் பெரும்பகுதி டிரைகிளிசரைடு. ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பமிலங்கள் எஸ்டராகப் பிணைந்திருக்கும். மெத்தனால் வந்து கிளிசராலை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதுதான் டிரான்ஸ்எஸ்டரிஃபிகேஷன், அதாவது எஸ்டர் மாற்றம்.

மெத்தனால் ஏன் கூடுதலாக?

ஒரு எஸ்டர் போய் இன்னொரு எஸ்டர் வருவதால் இரு பக்கமும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் வினை முன்னும் பின்னும் ஓடி, பாதியில் நின்றுவிடப் பார்க்கும். ஒரே ஒரு எஸ்டர் தொகுதி உள்ள எளிய மூலக்கூறை எடுத்து, சமநிலை மாறிலியை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மோல் எஸ்டருக்கு `n` மோல் ஆல்கஹால் போட்டால், மாறும் பங்கு `n/(n+1)`. ஒன்றுக்கு ஒன்று போட்டால் 50 சதவீதம். ஐந்து மோல் போட்டால் 83. இருபது போட்டால் 95.

வினையூக்கியாகப் போடும் அமிலமோ காரமோ இந்தச் சதவீதத்தைத் தொடுவதே இல்லை. சமநிலைக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறோம் என்பதை மட்டுமே வினையூக்கி தீர்மானிக்கிறது. எவ்வளவு தூரம் போகிறோம் என்பது ஆல்கஹாலின் அளவைப் பொறுத்தது. தொடக்கத்தில் பலரும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

எண்ணெயின் மூலக்கூறு எடை சுமார் 880. எனவே 200 கிராம் என்பது 0.227 மோல். சமன்பாட்டின்படி மோல் கணக்கில் மூன்று மடங்கு மெத்தனால் போதும். ஆனால் ஆறு மடங்கு போடுவதே வழக்கம்: சுமார் 44 கிராம், அதாவது 55 மி.லி. கிளிசராலும் தனி அடுக்காகக் கீழே இறங்கி வினையை முன்னோக்கி இழுத்துக்கொடுக்கும். அதற்காக மெத்தனாலை அள்ளிக் கொட்டினால், கிளிசரால் அதில் கரைந்து நின்று, பிரிய மறுக்கும்.

முதலில் எண்ணெயைச் சோதியுங்கள்

எண்ணெயை வடிகட்டி, நீர்க்குமிழிகள் அடங்கும்வரை 110 டிகிரியில் சூடாக்கி ஆறவிடுங்கள். 1 மி.லி. எண்ணெயை 10 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, இரண்டு சொட்டு பினாப்தலீன் விடுங்கள். லிட்டருக்கு 1 கிராம் `KOH` கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு நிறம் அரை நிமிடம் நிலைத்தால் நிறுத்துங்கள். 1.5 மி.லி. செலவானால், கிளிசராலோடு பிணையாமல் நிற்கும் தனிக் கொழுப்பமிலம் 0.8 சதவீதம்தான், காரமே போதும். 6 மி.லி. ஆனால் அது 3 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, முதலில் அமிலம் வேண்டும்.

கார வழி

2 கிராம் `KOH`, அமிலத்தை ஈடுகட்ட இன்னும் 0.3 கிராம். இதை மெத்தனாலில் முழுதாகக் கரையுங்கள். காரம் மெத்தனாலின் புரோட்டானைப் பிடுங்கிவிடுவதால் மெத்தாக்சைடு அயனி உண்டாகிறது. எதிர்மின்னூட்டம் கொண்ட இந்த அயனி, எஸ்டரின் கார்பனைல் கார்பனை நேராகத் தாக்கும். அதனால்தான் 60 டிகிரியில் கலக்கினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிகிறது. மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதிக்கும். அதன் ஆவி நச்சு, எளிதில் தீப்பற்றும். எனவே திறந்த சுடர் கூடாது. கண்டன்சர் பொருத்தி, புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்துச் செய்யுங்கள்.

பிரிபுனலில் ஊற்றி இரவு முழுவதும் விட்டால் அடியில் பழுப்புக் கிளிசராலும் மேலே பயோடீசலான வெளிர் மஞ்சள் எஸ்டரும் பிரிந்து நிற்கும். மேலடுக்கில் 3 மி.லி. எடுத்து 27 மி.லி. மெத்தனாலில் கலக்கிப் பாருங்கள். தெளிவாக இருந்தால் நல்லது. அடியில் எண்ணெய்த் துளி தேங்கினால் மாறாத டிரைகிளிசரைடு மிச்சம் இருக்கிறது. கிளிசராலை வடித்துவிட்டு, கொஞ்சம் புது மெத்தனாலும் காரமும் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். எதிர்வினைக்கு வேண்டிய கிளிசராலே இல்லாததால் சமநிலை முன்னே நகரும்.

அமிலம் எப்போது?

தனிக் கொழுப்பமிலம் அதிகமுள்ள எண்ணெயில் காரத்தைப் போட்டால் அந்த அமிலம் சோப்பாகிவிடும், கூடவே நீரும் உண்டாகும். வினையூக்கி வீணாகி, அடுக்குகள் பிரியாமல் குழம்பாகவோ கூழாகவோ நிற்கும். சோப்பானது பழையபடி எஸ்டராகத் திரும்பாது.

கந்தக அமிலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் புரோட்டான் கார்பனைல் ஆக்சிஜனில் அமர்ந்து, பக்கத்துக் கார்பனை எலக்ட்ரானுக்கு ஏங்க வைக்கிறது. ஆனால் அங்கே வந்து சேருவது மின்னூட்டமில்லாத மெத்தனால். அதன் தாக்குதல் மந்தமானது. டிரைகிளிசரைடு முழுவதையும் இப்படி மாற்ற, 65 டிகிரியில் 30 மடங்கு மெத்தனால் போட்டாலும் இரண்டு நாளுக்கு மேல் ஆகும்.

அதனால் அமிலத்தை முன்வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வதே சரி என்பேன். எண்ணெய் எடையில் 1 சதவீதக் கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்து 60 டிகிரியில் இரண்டு மணி நேரம் கலக்கினால், தனிக் கொழுப்பமிலங்கள் எஸ்டராகிவிடும். டிரைகிளிசரைடு அநேகமாக அப்படியே இருக்கும். பிறகு அடங்கவிட்டு, மேலே நிற்கும் மெத்தனால்-நீர் அடுக்கை அகற்றுங்கள். அந்த நீர் தங்கினால் எஸ்டரை மீண்டும் அமிலமாக்கும். மறுபடி டைட்ரேஷன் செய்யுங்கள். தங்கிவிட்ட கந்தக அமிலமும் அந்த அளவில் சேர்ந்தே தெரியும். அதற்கும் சேர்த்து `KOH` எடுத்துக்கொண்டு கார வழிக்குப் போங்கள்.