லெதர் ஷூவுக்கு முதலில் கிரீம், அப்புறம் முனையிலும் குதிகாலிலும் மட்டும் மெழுகு

கறுப்பு லெதர் ஷூ பளபளப்பாகவே இருக்க, ஷூ முழுவதும் கிரீம் தடவுங்கள். டப்பாவில் வரும் மெழுகு பாலிஷை முனையிலும் குதிகாலிலும் மட்டும் போடுங்கள். ஸ்பாஞ்ச் வைத்த லிக்விட் பாலிஷ் அவசரத்துக்கு மட்டும்.

கிரீம் தோலுக்குள் இறங்கி எண்ணெய்ப் பசையும் நிறமும் கொடுக்கும். மெழுகு மேலேயே படிந்து பளபளக்கும். ஆனால் விரல் மடங்கும் இடத்தில் கனமாகப் போட்டால் வெடித்து, வெள்ளைக் கோடாகத் தெரியும். முனையும் குதிகாலும் மடங்குவதில்லை, அதனால் அங்கே நிற்கும். லிக்விட் பாலிஷ் காய்ந்து மெல்லிய படலமாகிவிடுகிறது. அதன்மேல் மறுபடி மறுபடி பூசினால் உரிய ஆரம்பிக்கும், கிரீமும் உள்ளே இறங்காது.

தூசியைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு கிரீமைத் துணியில் தொட்டு ஒரு ஷூ முழுக்க மெல்லிசாகத் தேயுங்கள். பத்து நிமிடம் காயட்டும், பிறகு பிரஷ். விரல் வைத்துப் பார்த்தால் பிசுபிசுக்கக் கூடாது; பிசுபிசுத்தால் கிரீம் அதிகம், பிரஷால் இன்னும் தேயுங்கள். அடுத்து முனையில் துளி மெழுகை வட்டமாகத் தேய்த்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மீண்டும் தேயுங்கள். மங்கல் விலகிப் பளபளப்பு எழும். தண்ணீர் ஒரு சொட்டுதான், ஊற்றிவிடாதீர்கள்.

மென்மயிர் போன்ற ஸ்வேட், நூபக் ஷூக்களில் இதில் எதையும் தொடவே வேண்டாம், கறை நின்றுவிடும். ரெக்ஸினில் கிரீம் வீண், ஈரத்துணியே போதும்.