க்ரஸ்கல் முறை: மினிமம் ஸ்பானிங் ட்ரீயைக் கையால் போடும்போது சுற்றில் சிக்காமல் இருக்க

ஏழெட்டு முனைகள் உள்ள வரைபு ஒன்றைத் தந்து, க்ரஸ்கல் முறையில் மினிமம் ஸ்பானிங் ட்ரீயைப் படிப்படியாகக் காட்டச் சொன்னால், கூட்டல் கழித்தலில் யாருக்கும் புள்ளி போவதில்லை. புள்ளி போவது ஒரே இடத்தில்தான். ஒரு விளிம்பைச் சேர்த்தால் சுற்று வருமா வராதா என்பதைப் படத்தைப் பார்த்துக் கண்ணாலேயே சொல்லப் போகிறோம். படம் சிறியதாக இருக்கும்வரை கண் சரியாகச் சொல்லும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டத் தொடங்கியதும் ஏமாற்றிவிடும். அதனால் கண்ணை நம்பாமல், ஒரு வரிசை எண்களை நம்பும் வழியை இங்கே பார்ப்போம்.

மலையகத்தின் ஏழு ஊர்களைக் கேபிளால் இணைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஹட்டன் (ஹ), தலவாக்கலை (த), நானுஓயா (நா), நுவரெலியா (நு), வெலிமடை (வெ), அப்புத்தளை (அ), பண்டாரவளை (ப). கீழே உள்ள நிறைகள் கணக்குக்காகப் போட்டவை. வீதித் தூரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம்.

முதல் வேலை: விளிம்புகளை எண்ணி, ஏறுவரிசையில் எழுதுதல்

```
நா-நு 3     அ-ப 4      ஹ-த 5
த-நா 6      த-நு 6     வெ-ப 7
வெ-அ 8      நு-வெ 9    ஹ-நு 10
நா-வெ 11    நு-அ 12
```

எழுதி முடித்ததும் பட்டியலில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள்: 11. படத்தில் உள்ள கோடுகளையும் எண்ணுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் மேலே போக வேண்டாம். ஒரு விளிம்பு விடுபட்டால் அதற்குப் பிறகு செய்வதெல்லாம் வேறு வரைபுக்கான விடை.

ஒரே நிறை உள்ளவற்றில் எதை முதலில் எழுதினாலும் விடை தப்பாகாது. வினாத்தாளில் அகரவரிசை போல ஒரு விதி தந்திருந்தால் மட்டும் அதையே பின்பற்றுங்கள். திருத்துபவர் கையில் இருக்கும் விடை அந்த வரிசையில்தான் இருக்கும்.

இரண்டாவது வேலை: குழு இலக்க வரிசை

ஒவ்வொரு முனைக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். தொடக்கத்தில் ஒவ்வொன்றும் தனிக்குழு. ஒரு விளிம்பை எடுத்ததும் அதன் இரு முனைகளின் இலக்கங்களையும் பாருங்கள். வேறு வேறாக இருந்தால் விளிம்பைச் சேர்க்கலாம். ஒன்றாக இருந்தால் சுற்று வரும், விட்டுவிட வேண்டும். சேர்த்தால், பெரிய இலக்கம் உள்ள குழுவில் இருக்கும் எல்லா முனைகளையும் சிறிய இலக்கத்துக்கு மாற்றிப் புதிய வரியை எழுதுங்கள்.

```
            ஹ  த  நா  நு  வெ  அ  ப
தொடக்கம்    1  2  3   4   5   6  7
நா-நு 3     1  2  3   3   5   6  7   சேர்
அ-ப 4       1  2  3   3   5   6  6   சேர்
ஹ-த 5       1  1  3   3   5   6  6   சேர்
த-நா 6      1  1  1   1   5   6  6   சேர்
த-நு 6      1 = 1                    விடு
வெ-ப 7      1  1  1   1   5   5  5   சேர்
வெ-அ 8      5 = 5                    விடு
நு-வெ 9     1  1  1   1   1   1  1   சேர்
```

எல்லாம் 1 ஆனதும் நிறுத்தலாம். சேர்ந்த விளிம்புகள் 6, அதாவது முனைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. மொத்த நிறை 3 + 4 + 5 + 6 + 7 + 9 = 34. விட்ட விளிம்புகளையும் காரணத்தோடு விடைத்தாளில் எழுதுங்கள். படிப்படியாகக் காட்டச் சொன்ன கேள்வியில், விட்டதும் ஒரு படிதான்.

தவறு நடக்கும் இரண்டு இடங்கள்

த-நா 6 வரும்போது தலவாக்கலையும் நானுஓயாவும் ஏற்கெனவே மரத்தில் இருக்கின்றன. ஒன்றை ஹ-த தொட்டது, மற்றதை நா-நு தொட்டது. இரண்டையும் தொட்டாயிற்று, ஆகவே சுற்று என்று நினைத்து விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. தொட்டிருப்பது வேறு, ஒரே குழுவில் இருப்பது வேறு. த-வின் இலக்கம் 1, நா-வின் இலக்கம் 3, எனவே சேர்க்கத்தான் வேண்டும். நு-வெ 9-க்கும் இதே கதைதான். இந்தப் பிழையைச் செய்தவரை எளிதில் அடையாளம் காணலாம்: பட்டியல் முழுவதும் தீர்ந்துவிடும், கையில் 3, 4, 5, 7 என்று நான்கு விளிம்புகளே இருக்கும்.

மற்றது இதைவிடக் கள்ளத்தனமானது. வெ-ப 7-ஐச் சேர்க்கும்போது பண்டாரவளையை மட்டும் 5 ஆக்கிவிட்டு, அதே குழுவில் இருந்த அப்புத்தளையை 6 ஆகவே விட்டுவிட்டால் என்ன ஆகும்? அடுத்து வெ-அ 8 வரும்போது 5-உம் 6-உம் வேறாகத் தெரியும், சேர்த்துவிடுவோம். இப்போது விளிம்புகள் சரியாக 6. மொத்தம் 33. சரியான விடையான 34-ஐ விடக் குறைவாகவும் இருக்கிறது! ஆனால் வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை மூன்றும் ஒரு சுற்றாகிவிட்டன. ஹட்டன் பக்கத்து நான்கு ஊர்களும் அவற்றிலிருந்து தனியாக நிற்கின்றன. விளிம்புகளை எண்ணிப் பார்த்துத் திருப்திப்பட்டவர் இதைக் கண்டுபிடிக்க மாட்டார். அதனால் எண்ணிய பிறகு, ஏதாவது ஒரு முனையில் பென்சிலை வைத்து, சேர்த்த விளிம்புகள் வழியாக மட்டும் மற்ற ஆறு ஊர்களுக்கும் போய்ச் சேர முடிகிறதா என்று பாருங்கள்.

விடையைச் சரிபார்க்க

சேர்க்காத ஒவ்வொரு விளிம்பையும் மரத்தில் வைத்துப் பாருங்கள். அது ஒரு சுற்றை உண்டாக்கும். அந்தச் சுற்றில் உள்ள வேறு எந்த விளிம்பும் அதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. ஹ-நு 10-ஐ வைத்தால் ஹ-த-நா-நு வழியில் 5, 6, 3. எல்லாம் 10-ஐ விடச் சிறியவை, சரி. நா-வெ 11-க்கு 3, 9. நு-அ 12-க்கு 9, 7, 4. வெ-அ 8-க்கு 7, 4. ஐந்தாவதான த-நு 6-க்கு 6, 3 வருகிறது. இங்கே 6-உம் 6-உம் சமம்.

அந்தச் சமத்தைக் கவனியுங்கள். த-நா-வை எடுத்துவிட்டு த-நு-வைப் போட்டாலும் மொத்தம் 34 தான், மரம் மட்டும் வேறு. மரம் தனித்துவமானதா என்று கேட்டிருந்தால் விடை இல்லை என்பதே. இந்த இரண்டு மரங்களையும் காட்டினால் போதும். ஒரே நிறை இரண்டு இடத்தில் வந்தாலே மரமும் இரண்டாகும் என்று எழுதிவிடாதீர்கள். த-நு விளிம்பே இல்லாமல், ஹ-நு-வின் நிறை 7 என்று இருந்திருந்தால், வெ-ப 7-உடன் சமமாக இருந்தும் மரம் ஒன்றுதான். ஏனென்றால் ஹட்டனும் நுவரெலியாவும் அதற்கு முன்பே ஒரே குழுவுக்குள் வந்துவிட்டன.

ப்ரிம் முறையைக் கேட்டால்

ப்ரிம் முறையில் குழு இலக்கம் தேவையில்லை, இருப்பது ஒரே குழு. நுவரெலியாவில் தொடங்கினால் வரிசை 3, 6, 5, 9, 7, 4. மொத்தம் அதே 34. ஹட்டன் வந்து சேர்ந்ததும் பலர் ஹட்டனிலிருந்து வெளியே போகும் விளிம்பை மட்டும் தேடுவார்கள். அங்கே மிச்சம் இருப்பது ஹ-நு 10 மட்டுமே, அதுவும் குழுவுக்குள்ளேயே திரும்பி வருகிறது. பார்க்க வேண்டியது கடைசியாகச் சேர்ந்த ஊரை அல்ல, சேர்ந்த நான்கு ஊர்களிலிருந்தும் வெளியே போகும் எல்லா விளிம்புகளையும்: நு-வெ 9, நா-வெ 11, நு-அ 12. அவற்றில் சிறியது 9.