பெயரைப் பார்த்து ஸ்டெத் வாங்காதீர்கள்: செஸ்ட் பீஸும் டியூப்பும் சொல்வதைக் கேளுங்கள்

கருங்கலில் இருக்கும் என் அக்கா மகள் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. நர்சிங் முதல் வருடம் சேர்ந்திருக்கிறாள். வகுப்பு தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. "சித்தி, பக்கத்து வீட்டு மைனி வளைகுடால நர்ஸா இருந்தப்ப வச்சிருந்த ஸ்டெத்தாம். லிட்மன் கார்டியாலஜியாம். நாலாயிரம் ரூபாய்க்குத் தாறாங்க, வாங்கட்டா?"

படத்தில் தெரிந்தது ஒரு கறுப்பு டியூப், ஒரு வட்டம், வட்டத்தின் மேல் கம்பெனிப் பெயர். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நான் இருபது வருடமாக வார்டில் இருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் பிள்ளைகள் கழுத்தில் தொங்கும் ஸ்டெத்தைப் பார்க்கிறேன். பெரும்பாலும் எல்லாரும் செய்கிற முதல் தவறு, எழுதியிருக்கும் பெயரை நம்புவது.

பெயர் அதிகமாகப் பளிச்சென்று தெரிவது டயாஃப்ரத்தின் மேல்தான். டயாஃப்ரம் என்பது வட்டத்தின் மேல் மூடியிருக்கும் மெல்லிய தகடு. அது கழற்றி மாட்டுகிற உதிரிப் பாகம், தனியாகவே விற்பனைக்கு வரும். கிழிந்தால் வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். ஆகவே அதில் என்ன அச்சடித்திருந்தாலும் அதற்குக் கீழே உள்ள உடம்பு அதே மாடல்தான் என்று அர்த்தமில்லை. எங்கள் பக்கத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு: கார்டியாலஜி என்பது லிட்மன் கம்பெனியின் மாடல்களில் ஒன்றுதான், ஆனால் லிட்மன் என்றாலே "கார்டியாலஜி" என்று சொல்லிவிடுவார்கள். அந்த மைனி பொய் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

அதனால் அவளிடம் வேறு படங்கள் கேட்டேன். மார்பில் வைக்கிற செஸ்ட் பீஸின் இரண்டு பக்கமும் தனித்தனியாக. செஸ்ட் பீஸில் இருந்து டியூப்புக்குப் போகும் தண்டு கிட்டத்தில். டியூப் இரண்டாகப் பிரியும் இடம். அப்புறம் சமையலறைத் தராசில் வைத்து எடை.

முதலில் இரண்டு பக்கமும். மார்பில் வைக்கிற வட்டத்துக்குப் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்பதுதான் பாதி அடையாளம். பின்பக்கம் ஒன்றுமே இல்லாமல் தட்டையாக அல்லது விரல் பிடிக்கிற மாதிரி இருந்தால் அது ஒற்றைப் பக்க ஸ்டெத். பின்பக்கம் மூடியில்லாத குழிவான கிண்ணம் மாதிரி இருந்து, விளிம்பில் ரப்பர் வளையம் இருந்தால் அதுதான் பெல், தாழ்ந்த ஒலிகளைக் கேட்கிற பக்கம். பழைய லிட்மன் கிளாசிக் 2 எஸ்.இ. அப்படித்தான் இருக்கும், நம் நாட்டுக் கம்பெனிகளின் இரட்டைப் பக்க ஸ்டெத்துகளும் பெரும்பாலும் அப்படித்தான். இரண்டு பக்கமும் டயாஃப்ரத்தால் மூடியிருந்து, ஒன்று பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் இருந்தால் கிளாசிக் 3 அல்லது கார்டியாலஜி 4 மாதிரியான வகை. வட்டமாக இல்லாமல் நீர்த்துளி போல ஒரு பக்கம் நீண்டிருந்தால் லைட்வெயிட் 2 எஸ்.இ.

அவள் அனுப்பியதில் இரண்டு பக்கமும் மூடியிருந்தது. பெரிய பக்கம் குறுக்களவு 4.3 செ.மீ., சிறிய பக்கம் 3.3 செ.மீ. இங்கேதான் இரண்டாவது தவறு காத்திருக்கிறது. கிளாசிக் 3, கார்டியாலஜி 4 இரண்டிலும் இந்த அளவுகள் ஒன்றுதான். செஸ்ட் பீஸின் முகத்தை மட்டும் பார்த்தால் ஒன்றை மற்றொன்று என்று நினைக்க நிறைய வாய்ப்பு. வித்தியாசம் டியூப்பில் இருக்கிறது. கார்டியாலஜி வகையில் வெளியில் ஒரே டியூப்பாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு காதுக்கும் இரண்டு தனிக் குழல் ஓடும். அதனால் டியூப் தடிமனாக இருக்கும், கையில் பிடித்தாலே தெரியும். எடையும் காட்டிக்கொடுக்கும். 69 செ.மீ. நீளத்தில் கிளாசிக் 3 ஏறத்தாழ 150 கிராம், கார்டியாலஜி 4 ஏறத்தாழ 177 கிராம். அக்கா வீட்டுத் தராசு 152 காட்டியது. டியூப்பும் மெலிசு. ஆக அது கார்டியாலஜி இல்லை, கிளாசிக் 3.

போலியா என்றும் பார்க்க வேண்டுமே. லிட்மன் பெயரில் போலிகள் சந்தையில் இருக்கின்றன. சமீப வருடங்களில் வந்த அசல் லிட்மனில் செஸ்ட் பீஸின் தண்டில் தனி எண் பொறித்திருக்கும். மை வைத்து அச்சடித்தது இல்லை, நகத்தால் சுரண்டினாலும் போகாது. அதோடு டயாஃப்ரத்தையும் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். லிட்மனின் டயாஃப்ரம் நடுவில் தகடு, சுற்றி நெகிழ்கிற விளிம்பு. கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினால் நடுத்தகடு கொஞ்சம் உள்ளே போய், விட்டதும் மேலே வரும். இந்த அசைவுதான் அதன் வேலையே. லேசாக வைத்தால் தாழ்ந்த ஒலிகள் கேட்கும், அழுத்தி வைத்தால் உயர்ந்த ஒலிகள் கேட்கும். விறைப்பாக, அசையாத பிளாஸ்டிக் தகடு என்றால் வெறும் சாதா டயாஃப்ரம். அவளுடையது அசைந்தது, எண்ணும் இருந்தது. சரி, அசல்தான்.

அசல் என்று தெரிந்ததும் வாங்கிவிடலாம் என்று தோன்றும். அது மூன்றாவது தவறு. பழைய ஸ்டெத்தில் முதலில் சாவது டியூப். அதைத் தொட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நானே கருங்கலுக்குப் போனேன். ஸ்டெத்தைக் கையில் வாங்கி, டியூப்பை வளையம் மாதிரி மடக்கினேன். நல்ல டியூப் வளைந்து, விட்டதும் சாவகாசமாக நிமிரும். இது காய்ந்த பனை ஈர்க்கு மாதிரி முரண்டு பிடித்தது. இரண்டாகப் பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, வளைவின் வெளிப்பக்கத்தில் முடி போல மெல்லிய வெடிப்புகள் மூன்று, வெளிச்சத்தில் திருப்பினால்தான் தெரியும். கழுத்துப் பிடரியில் தங்குகிற இடம் அதுதான்.

இந்த டியூப் பிளாஸ்டிக்தான். அதை மென்மையாக வைத்திருக்கும் பொருளை எண்ணெய் மெதுவாக இழுத்துவிடும், அதனால் டியூப் விறைக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் தலைநிறையத் தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பின்னல் போட்டு வருகிறார்கள், அதன் மேலேயே ஸ்டெத்தைத் தொங்கவிடுகிறார்கள். கடற்கரைப் பக்க வேர்வையும் சேர்ந்துகொள்ளும். எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. யூனிஃபார்ம் காலருக்கு மேலே போடுங்கள், தோலும் முடியும் டியூப்பில் படாமல். பயன்படுத்தாத நேரம் பையில் வையுங்கள். ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் வெயிலில் விட்டுப் போகாதீர்கள், சூடும் அதே வேலையைத்தான் செய்யும். துடைக்க 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போதும், தண்ணீரில் முக்கவோ ஆட்டோகிளேவில் போடவோ கூடாது.

அந்த ஸ்டெத்தை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெடிப்பு ஆழமாகிக் காற்று கசிந்தால் உள்ளே வரும் ஒலியும் கசியும், வெளிச் சத்தமும் உள்ளே நுழையும். மைனி கொஞ்சம் வருத்தப்பட்டார். வெடிப்பைக் காட்டினதும் புரிந்துகொண்டார்.

"அப்போ புதுசா கார்டியாலஜியே வாங்கிரலாமா சித்தி?" என்று கேட்டாள். முதல் வருடத்தில் அவளுக்கு வேலை என்ன என்று யோசித்தேன். பி.பி. பார்க்க வேண்டும், இதயத் துடிப்பை எண்ண வேண்டும், மூச்சுச் சத்தமும் குடல் சத்தமும் கேட்டுப் பழக வேண்டும். இதற்கு இரண்டு பக்கமும் உள்ள சாதாரண ஸ்டெத்தே தாராளம். இதயத்தின் நுணுக்கமான முணுமுணுப்புகளைப் பிரித்துக் கேட்கிற கட்டம் அவளுக்கு இன்னும் வரவில்லை. கல்லூரியில் கட்டணம், யூனிஃபார்ம், பயணம் என்று செலவு வரிசையாக நிற்கும்போது அந்தப் பணத்தை இதில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒற்றைப் பக்க ஸ்டெத்தையும் அவளுக்கு நான் சொல்ல மாட்டேன். நல்ல ஒற்றைப் பக்கத்தில் அழுத்தத்தை மாற்றி இரண்டு வகை ஒலியும் கேட்கலாம் என்பது உண்மை. ஆனால் குழந்தைகள் வார்டு போஸ்டிங் வரும்போது, அந்தப் பெரிய வட்டம் கைக்குழந்தையின் விலா எலும்பின் மேல் தட்டையாக உட்காராது. ஓரத்தில் இடைவெளி விழும், ஒலி போய்விடும். சிறிய பக்கம் இருந்தால் அந்தப் பிரச்சினை குறைவு.

நாகர்கோவிலில் கடைக்குப் போனபோது இன்னொன்று வந்தது. கடைக்காரர் இரண்டு நீள டியூப் இணையாக ஓடுகிற ஒன்றை எடுத்து வைத்தார். அதற்கு ஸ்ப்ரேக் ராப்பபோர்ட் வகை என்று பெயர், திருகி மாற்றிக்கொள்ள பல அளவு பெல்லும் டயாஃப்ரமும் உடன் வரும். பார்க்க டாக்டர் ஸ்டெத் மாதிரி கம்பீரமாக இருக்கும், பிள்ளைகள் இதில்தான் மயங்குவார்கள். ஆனால் நடக்கும்போதும் குனியும்போதும் இரண்டு டியூப்பும் ஒன்றோடொன்று உரசும், அந்தச் சரசரப்பு நேராகக் காதில் வரும். பி.பி. பார்க்கையில் முதல் தட்டு எங்கே தொடங்கியது என்று தேடுகிற பிள்ளைக்கு இது பெரிய இடைஞ்சல். மாற்றுகிற உதிரிகள் சீக்கிரம் தொலைந்தும் போகும். வேண்டாம் என்றேன்.

கடைசியில் இரண்டு பக்கமும் உள்ள, ஒற்றை டியூப் இந்தியக் கம்பெனி ஸ்டெத் ஒன்றை எடுத்தோம். பெரிய பக்கம் டயாஃப்ரம், சிறிய பக்கம் ரப்பர் வளையம் வைத்த பெல். காதில் வைக்கிற முனை மென்மையான ரப்பராக இருக்கிறதா என்று பார்த்தோம். கடினப் பிளாஸ்டிக் முனை வலிக்கும், காதையும் சரியாக அடைக்காது, அதனால் வார்டின் சத்தம் எல்லாம் உள்ளே வரும்.

வீட்டுக்கு வந்ததும் காதில் மாட்டி, "சித்தி, ஒண்ணுமே கேக்கல, கெட்டுப்போச்சா?" என்றாள். இது எல்லாருக்கும் நடப்பதுதான், இதற்காகவே கடைக்குத் திருப்பிக்கொண்டுபோன பிள்ளைகளை எனக்குத் தெரியும். இரட்டைப் பக்க ஸ்டெத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் திறந்திருக்கும். செஸ்ட் பீஸைத் தண்டிலேயே பிடித்துத் திருப்பினால் 'கிளிக்' என்று உட்கார்ந்து பக்கம் மாறும். டயாஃப்ரத்தை விரல் நுனியால் மெதுவாகத் தட்டச் சொன்னேன். சத்தம் இல்லை. அரைச் சுற்று திருப்பித் தட்டினாள், முகம் சுளிக்கிற அளவுக்குக் கேட்டது. ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால் இந்த ஒரு தட்டு பழக்கமாக வேண்டும். கேட்காத பக்கத்தை வைத்துவிட்டு "சத்தம் இல்லை" என்று எழுதி வைத்த மாணவியின் சார்ட்டை நான் திருத்தியிருக்கிறேன்.

காது முனைகள் மூக்கின் திசையில் முன்னோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் முனை காதுத் துவாரத்தின் சுவரில் முட்டும், ஒலி பாதியாகிவிடும். பெல்லை வைக்கும்போது தோலில் தொட்டும் தொடாமலும் வைக்க வேண்டும். அழுத்தினால் அடியில் இருக்கும் தோலே இறுகி டயாஃப்ரம் மாதிரி ஆகி, தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிடும்.

அப்புறம் அவள் அம்மாவின் இடது மார்பின் கீழே, ஐந்தாம் விலா இடைவெளியில் டயாஃப்ரத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் எண்ணினாள். "எழுபத்தாறு" என்றாள். நானும் மணிக்கட்டில் பிடித்து எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் எழுபத்தாறுதான் வந்தது.