வெள்ளி ஃப்யூச்சர்ஸ்: தினமும் ஏன் பணம் பிடிக்கிறார்கள்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்காரரிடம் 5 கிலோ வெள்ளி இருப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொலுசாகி விற்பதற்குள் விலை இறங்கிவிடுமோ என்று பயம். அதனால் எம்.சி.எக்ஸ். என்ற பொருள் வணிகச் சந்தையில் சில்வர் மினி ஒரு லாட் விற்று வைக்கிறார். பின்னொரு தேதிக்கான வெள்ளிக்கு இன்றே விலை பேசிவைக்கும் ஃப்யூச்சர்ஸ் ஒப்பந்தம் இது. ஒரு லாட் 5 கிலோ. கணக்குக்கு எளிதாக, விற்ற விலை கிலோ ₹1,00,000.

முதலில் மார்ஜின். ஒப்பந்தத்தின் மதிப்பு ₹5,00,000. அவ்வளவும் கட்ட வேண்டியதில்லை. 15 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் ₹75,000 போதும் (சந்தை ஆடுகிற ஆட்டத்தைப் பொறுத்து இந்தச் சதவீதம் மாறும்). இது அட்வான்ஸ் அல்ல, நட்டம் வந்தால் பிடித்துக்கொள்ள வைத்திருக்கும் பிணைத்தொகை. நம்மவர் ₹90,000 போட்டிருக்கிறார்.

அடுத்து எம்.டி.எம்., அதாவது மார்க் டு மார்க்கெட் என்ற தினசரிக் கணக்குத் தீர்ப்பு. ஒவ்வொரு நாளும் சந்தை முடிந்ததும் அன்றைய செட்டில்மென்ட் விலையை அறிவிப்பார்கள். அதை வைத்து அன்றைய லாப நட்டத்தை ரொக்கமாகவே தீர்த்துவிடுவார்கள்.

முதல் நாள் ₹1,01,200. விற்றவருக்கு விலை ஏறினால் நட்டம்தானே? 1,200 × 5 = ₹6,000 போகிறது. மீதி ₹84,000.

இரண்டாம் நாள் ₹99,800. இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். விற்ற விலையிலிருந்து கணக்குப் போடக் கூடாது, நேற்றைய செட்டில்மென்ட் விலையிலிருந்து போட வேண்டும். 1,400 × 5 = ₹7,000 வரவு. இருப்பு ₹91,000.

மூன்றாம் நாள் ஒரே தாவலாக ₹1,04,600. ₹24,000 பற்று, மீதி ₹67,000. ஆனால் விலை ஏறியதால் தேவையான மார்ஜினும் ₹78,450 ஆகிவிட்டது. ₹11,450 குறைகிறது. புரோக்கரிடமிருந்து மெசேஜ் வரும். கட்டாமல் விட்டால் அபராதம் விழும், புரோக்கரே ஒப்பந்தத்தை முடித்தும் விடலாம்.

நம்மவர் பணத்தைக் கட்டிவிட்டு, நான்காம் நாள் ₹1,03,000க்கு வாங்கி முடிக்கிறார். அன்று 1,600 × 5 = ₹8,000 வரவு. நான்கு நாளையும் கூட்டினால் ₹15,000 நட்டம். விற்றதும் வாங்கியதும் மட்டும் பார்த்தாலும் 3,000 × 5, அதே ₹15,000. உங்கள் லெட்ஜரையும் இப்படிக் கூட்டிப் பாருங்கள். பல ஆப்களில் திரையில் தெரிவது முதல் விலையிலிருந்து போட்ட கணக்கு, லெட்ஜரில் இருப்பது அந்தந்த நாள் கணக்கு. ஒரே நாளில் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று பதற வேண்டாம்.

சரி, பட்டறையில் உள்ள வெள்ளியும் ஏறத்தாழ அதே அளவு விலை ஏறியிருக்குமே? ஏறியிருக்கும். ஆனால் அந்த லாபம் கொலுசு விற்ற பிறகுதான் கையில் வரும், எம்.டி.எம். நட்டத்தையோ உடனே ரொக்கமாகக் கட்டியாக வேண்டும். அடகு வைத்த பங்குகள் மார்ஜினுக்கு உதவலாம், இதற்கு உதவாது. ஆகவே சமீபத்தில் வெள்ளி ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு ஏறியது என்று பார்த்து, அதை 5-ஆல் பெருக்கி, அப்படி இரண்டு மூன்று நாள் தொடர்ந்தாலும் தாங்குகிற பணத்தை மார்ஜினுக்கு மேல் ஒதுக்கி வையுங்கள். விலை இறங்கி வரவு வைக்கும் நாட்களில் அந்தப் பணத்தைக் கூலிக்கு எடுத்துவிடாதீர்கள். மறுநாளே அது திரும்பப் போகலாம்.