நாபால் பெயரில் சிக்கிய சிலேடை

1 சாமுவேல் 25:25-ஐ மொழிபெயர்த்தபோது சிக்கிக்கொண்டேன். அபிகாயில் தன் கணவனைப் பற்றித் தாவீதிடம் சொல்கிறாள்: பெயர் எப்படியோ அப்படியே அவனும், "நாபால் ஷ்மோ, உ-நெபாலா இம்மோ". நாபால் அவன் பெயர், நெபாலா அவனோடு இருக்கிறது. எபிரேயத்தில் நாபால் என்றால் மதிகெட்டவன், நெபாலா என்றால் மதிகேடு. இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றுதான்.

முதலில் பெயரையே 'மூடன்' என்று மாற்றிப் பார்த்தேன். 3ஆம் வசனத்திலேயே கதை உடைந்துவிட்டது. 2ஆம் வசனத்தில் அவன் பெரும் செல்வந்தனாக அறிமுகமாகிறான், அடுத்த வசனத்தில்தான் பெயர் வருகிறது. அந்த இடத்தில் 'மூடன்' வசைபோல விழுந்தது.

பிறகு பெயரைத் தொடாமல் வசனத்தை இப்படி அமைத்தேன்: "அவன் பெயருக்கேற்றவன், நாபால் என்பது அவன் பெயர், மதிகேடு அவனோடே இருக்கிறது." அடிக்குறிப்பு: "எபிரேயத்தில் 'நாபால்' என்றால் மதிகெட்டவன். 'மதிகேடு' என்ற இடத்தில் மூலத்தில் இருப்பது அதே வேரில் பிறந்த 'நெபாலா'."

'பெயருக்கேற்றவன்' எனக்கு முக்கியமாகப் பட்டது. சபையில் வாசிக்கும்போது அடிக்குறிப்பு யார் காதிலும் விழாது. அந்தச் சொல்தான் பெயரில் ஏதோ இருக்கிறது என்று உணர்த்தும். குறிப்பை 3ஆம் வசனத்தில் வைக்கவில்லை, அபிகாயில் சொல்லும் முன்பே குட்டு உடைந்துவிடும்.

37ஆம் வசனத்தில் நாபாலின் வெறி தெளிகிறது. திராட்சரசத் துருத்தியான 'நேபெல்' என்ற சொல்லுக்கும் அதே மெய்யெழுத்துகள்தான். ஆனால் வசனம் அதைச் சுட்டவில்லை, அதனால் அங்கே குறிப்பு போடவில்லை.