ஏழு கல் மூக்குத்தியைப் பெரிதாகப் படம் எடுப்பது எப்படி?

அம்மாவின் ஏழு கல் மூக்குத்தியை எடுத்துக்கொள்வோம். அகலம் சுமார் 9 மில்லிமீட்டர். சாதாரண 50 எம்எம் லென்ஸில் எவ்வளவு கிட்டே போனாலும் படத்தின் நடுவில் ஒரு புள்ளியாகத்தான் விழும். இன்னும் கிட்டே போனால் ஃபோகஸ் ஆகாது. இதற்கு விலை உயர்ந்த மேக்ரோ லென்ஸ் இல்லாமலே வழி இருக்கிறது. அதுதான் எக்ஸ்டென்ஷன் ட்யூப்.

இது கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் குழாய். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டினால் லென்ஸ் முன்னால் தள்ளிப்போகும், அதனால் இன்னும் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும். கணக்கு எளிது: குழாயின் நீளத்தை லென்ஸின் எம்எம்மால் வகுத்தால் எவ்வளவு உருப்பெருக்கம் கூடும் என்று தெரியும். உருப்பெருக்கம் 1 என்றால் பொருளின் நிஜ அளவிலேயே உருவம் சென்சாரில் விழும். 36 எம்எம் குழாய், 50 எம்எம் லென்ஸ் என்றால் 0.72. லென்ஸின் சொந்த உருப்பெருக்கமும் சேர்ந்து ஏறக்குறைய 0.9 கிடைக்கும். ஏபிஎஸ்-சி எனும் அளவுள்ள சென்சாரில் படத்தின் முழு அகலமும் அப்போது 25 மில்லிமீட்டர்தான். மூக்குத்தி அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிற்கும். இதே குழாயை 200 எம்எம் லென்ஸில் மாட்டினால் 0.18 மட்டுமே கூடும், பெரிய பயன் இல்லை.

வாங்கும்போது உள்ளே மின்தொடர்பு முனைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நான் முதலில் வாங்கியது மலிவான வெறும் குழாய். அதை மாட்டினால் கேமராவிலிருந்து லென்ஸின் ஒளித்துளையான அபர்ச்சரை மாற்ற முடியவில்லை. லென்ஸ் முழுக்கத் திறந்தபடியே நின்றது. ஒரு கல்லின் பாதி மட்டும் தெளிவாக, மீதி எல்லாம் பஞ்சாக வந்தது.

சரி, மேசைக்கு வருவோம். மூக்குத்தியை மெல்லிய துணியால் துடைத்து, ப்ளோயரால் ஊதுங்கள். கண்ணுக்குத் தெரியாத தூசி இந்த அளவில் நூல்கயிறு போலத் தெரியும். அப்புறம் ஒரு தெர்மாகோல் துண்டில் மூக்குத்தியின் தண்டைக் குத்தி, அந்தத் துண்டை ஒரு கனமான புத்தகத்தின் மேல் பசை நாடாவால் ஒட்டுங்கள். கேமரா ட்ரைபாடில், மூக்குத்திப் பூவின் முகத்துக்கு நேர் எதிரே. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

அபர்ச்சர் எஃப்/8, ஐஎஸ்ஓ 100. ஷட்டர் நேரத்தைக் கேமராவே முடிவு செய்யட்டும். குழாயால் ஒளி குறையும், ஜன்னல் வெளிச்சத்தில் கால் விநாடி வரை போகலாம், பயப்பட வேண்டாம். முன்னும் பின்னும் இன்னும் ஆழமாகத் தெளிவு வேண்டுமென்று துளையைச் சுருக்கி எஃப்/22க்குப் போகாதீர்கள். இந்த நெருக்கத்தில் அது எஃப்/40 போல நடந்துகொள்ளும், படம் முழுக்க மங்கும்.

இனிதான் முக்கியமான வேலை. ஆட்டோஃபோகஸை அணைத்து, லென்ஸ் வளையத்தை மிகக் கிட்டத்து அளவுக்குத் திருப்பிவிட்டு, அதைத் தொடாமல் விடுங்கள். வளையத்தைத் திருப்பினால் ஃபோகஸோடு உருவத்தின் அளவும் மாறிக்கொண்டே இருக்கும், எங்கே நிற்கிறோம் என்றே புரியாது. அதற்குப் பதிலாகப் புத்தகத்தை மெல்ல லென்ஸை நோக்கித் தள்ளுங்கள். திரையில் நடுக்கல்லைப் பத்து மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு, பட்டைகளின் விளிம்பு கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

எஃப்/8இல் தெளிவாக வரும் ஆழம் இங்கே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் ஏழு கல் மூக்குத்தி தட்டையான பூ. அதன் முகமும் சென்சாரும் இணையாக இருந்தால் ஏழு கல்லும் அந்தச் சின்ன ஆழத்துக்குள் அடங்கிவிடும். இணையாக இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. திரையில் பெரிதாக்கியபடி இடக்கோடிக் கல், வலக்கோடிக் கல், மேல், கீழ் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இடது கூர்மை, வலது மங்கல் என்றால் புத்தகத்தை ஒரு மயிரிழை திருப்புங்கள். எனக்கு இதற்கே கால்மணி நேரம் ஆகிறது. இரண்டு விநாடி டைமர் வைத்து எடுங்கள். திரையில் பார்த்த அந்த நான்கு கல்லும் கூர்மையாக இருந்தும் எடுத்த படம் முழுக்க ஒரே சீராக மங்கினால் அது ஃபோகஸ் பிழை அல்ல, கேமரா ஆடியிருக்கிறது.

வெளிச்சத்தில் ஒரு சங்கதி. தங்கத்துக்கு மென்மையான ஒளி வேண்டும், ஆகவே ஜன்னலில் ட்ரேசிங் பேப்பர் ஒட்டுவது சரி. ஆனால் சுற்றிலும் வெள்ளையாக இருந்தால் வைரம் பால் போல வெளிறிவிடும். ஒரு பக்கம் கறுப்பு அட்டையை நிறுத்தினால் பட்டைகளில் இருளும் ஒளியும் மாறி மாறி விழுந்து கல் உயிர்பெறும்.

ஜிமிக்கி போன்ற குமிழ் வடிவத்துக்கு இந்த இணை உத்தி உதவாது. புத்தகத்தை அரை மில்லிமீட்டராக நகர்த்திப் பல படம் எடுத்து மென்பொருளில் அடுக்க வேண்டும். உணவுக்கு 12 எம்எம் குழாயே போதும். ஜாங்கிரியின் முன் வளைவில் ஃபோகஸ் வைத்தால் பின்பக்கம் மங்குவது அழகாகவே இருக்கும். சுடச்சுட இட்லி மட்டும் வேண்டாம்: லென்ஸ் ஒரு சாண்கூட விலகி இல்லை, ஆவி முதலில் அதில்தான் படியும்.